சிலிப் வந்துவிட்டது, காசு வந்ததா?

என் மச்சான் கரையோரத்தில் ஒரு சிறிய நகரத்தில் ஹாட்வெயார் கடை நடத்துகிறார். மாதக் கடைசியில் அவருடைய கணக்குக் கொப்பியைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் அந்தப் பொறுப்பு எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. கடந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை அந்தக் கடையிலிருந்து ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்து முந்நூற்று இருபது ரூபா பெறுமதியான சீமெந்தும் கம்பியும் ஒரு வட்ஸ்அப் படத்தை நம்பி வெளியே போயின. காசு வரவில்லை. அன்றிரவு நானும் அவரும் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். அப்போது விளங்கிய விடயங்கள் மற்றக் கடைக்காரர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஒருவர் தொலைபேசியில் பேசினார். பக்கத்து ஊரில் வீடு கட்டுவதாகச் சொன்னார். பெயின்ற், தூரிகை, வேறு சில சாமான்கள் என்று சரியாக 6,500 ரூபாவுக்கு எடுத்தார். காசை வங்கி எப் மூலம் அனுப்பி, அதன் ஸ்கிரீன்ஷொட்டை வட்ஸ்அப்பில் போட்டார். காசும் உடனே கணக்கில் விழுந்தது. ஓட்டோ வந்து சாமானை ஏற்றிப் போனது. நல்ல வாடிக்கையாளர் என்று மச்சான் நினைத்ததில் பிழையில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு அதே ஆள் மீண்டும் அழைத்தார். இந்தத் தடவை சீமெந்தும் கம்பியும். மச்சான் கணக்குப் பார்த்து 186,320 ரூபா என்றார். "சில்லறை வேணாம் ஹாஜியார், ஒரே கணக்கா 186,500 போட்டுடுறன். மிச்சத்த பொடியன்மார்க்கு தேத்தண்ணிக்குக் குடுங்க" என்று அவர் சொல்லியிருக்கிறார். 11.52க்கு ஸ்கிரீன்ஷொட் வந்தது. அதற்கு முன்பே பட்டா லொறி கடை வாசலில் நின்றது. ஜும்ஆவுக்குக் கடை அடைக்கும் நேரம். மச்சான் படத்தைப் பார்த்தார். தன் பெயர், தன் கணக்கு இலக்கம், தொகை, அன்றைய திகதி எல்லாம் சரியாக இருந்தன. வங்கியிலிருந்து எஸ்.எம்.எஸ். வரவில்லையே என்று கேட்டதற்கு, "வெள்ளிக்கிழமதானே, மெசேஜ் கொஞ்சம் பிந்தும்" என்று பதில் வந்தது. 12.10க்கு லொறி போய்விட்டது. தொழுதுவிட்டுச் சாப்பிட்டு இரண்டரைக்கு வந்து கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றுமில்லை. அந்த இலக்கம் அணைக்கப்பட்டிருந்தது.

இரவில் நான் கேட்ட முதல் கேள்வி, செவ்வாய்க்கிழமைப் படம் இன்னும் போனில் இருக்கிறதா என்பதுதான். இருந்தது, அதே வட்ஸ்அப் உரையாடலில் சற்று மேலே. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை திகதி 11, வெள்ளிக்கிழமை 14. ஆக, 11இல் கடைசி ஒன்று நான்காக மாறியிருந்தது. 6,500க்கு முன்னால் 18 என்ற இரண்டு இலக்கங்கள் சேர்ந்திருந்தன. அவ்வளவுதான். மொத்தம் மூன்று இலக்கங்கள். நேரம் இரண்டிலும் 11.47. படத்தின் அடியில் இருந்த பரிமாற்றக் குறிப்பு இலக்கமும் இரண்டிலும் ஒன்றே. இரண்டு வேறு பரிமாற்றங்களுக்கு ஒரே குறிப்பு இலக்கம் கிடைக்காது. சரியாக 6,500க்கு ஏன் பெயின்ற் வாங்கினார், 186,320ஐ ஏன் 186,500 ஆக்கினார் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கின. தேத்தண்ணிக் காசு என்று சொன்னது, படத்தில் இருந்த 6,500ஐ அப்படியே வைத்துக்கொள்வதற்காக.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மச்சான் படத்தைப் பார்க்காமல் விடவில்லை. பார்த்தார், அதில் பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தார். பெயர் சரி, கணக்கு இலக்கம் சரி, வங்கியின் நிறமும் சின்னமும் சரி, எழுத்துருவும் சரி. ஏனென்றால் அது உண்மையான சிலிப்தான், மூன்று இலக்கங்களைத் தவிர. போலிச் சிலிப் என்றால் கோணல்மாணலாக, எழுத்துப் பிழையோடு இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி இருப்பவை அகப்பட்டுவிடும். அகப்படாமல் போவது உங்களுடைய கணக்குக்கே வந்த உண்மையான சிலிப்பிலிருந்து செய்யப்பட்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் திருத்தம் தெரியாதா என்று பலர் கேட்கிறார்கள். சில வேளை தெரியும். ஓர் இலக்கம் மற்றவற்றை விடச் சற்றுத் தடித்திருக்கும், வரிசையிலிருந்து ஒரு மயிரிழை கீழே இறங்கியிருக்கும், அல்லது இலக்கத்தின் பின்னால் உள்ள வெள்ளை, சுற்றியுள்ள வெள்ளையை விடக் கொஞ்சம் வேறு நிறமாக ஒரு சதுரம் போல நிற்கும். ஆனால் வட்ஸ்அப் அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடுகிறது. அதனால் நேர்மையானவர் அனுப்பும் சிலிப்பிலும் எழுத்தைச் சுற்றி மங்கலாகத்தான் இருக்கும். படத்தின் மேல் விளிம்பில் போனின் மணிக்கூடும் பற்றரி அடையாளமும் வெட்டப்பட்டிருந்தால் சந்தேகப்படச் சொல்கிறார்கள். எங்கள் படத்திலும் அது வெட்டப்பட்டிருந்தது. ஆனால் தன் போனில் மற்ற விடயங்கள் தெரியக்கூடாது என்று எத்தனையோ நல்ல மனிதர்களும் வெட்டித்தான் அனுப்புகிறார்கள். படத்தைத் திருத்தாமல், வெறும் கட்டத்தில் பெயரையும் தொகையையும் இட்டால் புத்தம் புதிய சிலிப்பைத் தயாரித்துத் தரும் எப்களும் உண்டு. அதில் ஒட்டுப்போட்ட தடம் எதுவும் இருக்காது. பீ.டி.எஃப். வடிவில் வந்தால் அது திருத்த முடியாதது என்ற நம்பிக்கையும் பிழையானது. பீ.டி.எஃப்.ஐயும் திருத்தலாம்.

ஆகவே படத்தைப் பரிசோதிப்பதால் கிடைப்பது ஒரு பக்கப் பயன் மட்டுமே. குறை கண்டுபிடித்தால் அது போலி என்று சொல்லலாம். குறை காணவில்லை என்பதால் அது உண்மை என்று சொல்ல முடியாது. வகுப்பறையில் இது எனக்குப் பழக்கமான விடயம். தவணை முடிவில் ஒரு பிள்ளை 35 புள்ளியை 85 ஆக்கி வாப்பாவிடம் காட்டுவான். வாப்பாவுக்குச் சந்தேகம் வந்து அறிக்கையைக் கொண்டுவருவார். நான் அந்த மூன்று எட்டாக மாறியதா, மை ஒரே மையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. என் மேசை லாச்சியில் புள்ளிப் பதிவேடு இருக்கிறது. அதைத் திறந்தால் முடிந்தது.

கடைக்காரரின் புள்ளிப் பதிவேடு அவருடைய சொந்த வங்கிக் கணக்கு. சிலிப் என்பது அனுப்புபவரின் போனில் அனுப்புபவரின் வங்கி காட்டும் செய்தி. காசு உங்களிடம் வந்ததற்கு அது சாட்சி அல்ல, அது உண்மையான சிலிப்பாகவே இருந்தாலும் கூட. பல வங்கி எப்களில் சிலிப்பில் வரும் பெறுநர் பெயர் அனுப்புபவரே தட்டச்சுச் செய்த பெயர். அவர் கணக்கு இலக்கத்தில் ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டால், உங்கள் பெயரோடு அழகான சிலிப் வரும், காசு வேறு யாருடையதோ கணக்கில் விழும். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. ஆனாலும் உங்களிடம் காசு இல்லை.

எனவே செய்ய வேண்டியது, உங்கள் வங்கி எப்பை நீங்களே திறந்து, Transaction History என்ற பகுதிக்குப் போய், அந்த வரவு அங்கே ஒரு தனி வரியாக இருக்கிறதா என்று பார்ப்பது. மொத்த மீதியை மட்டும் பார்ப்பது போதாது. வியாபாரம் நடக்கும் கணக்கில் ஒரு நாளில் பல பேர் போடுவார்கள், நீங்களும் எடுப்பீர்கள். மீதி கூடியிருப்பது இவருடைய காசினாலா வேறு ஒருவருடைய காசினாலா என்று அதிலிருந்து தெரியாது. அந்த வரியில் தொகை சதம் வரைக்கும் சரியா, நேரம் இப்போதைய நேரமா என்று பாருங்கள். சில எப்கள் முன்பு திறந்தபோது இருந்த விபரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். திரையைக் கீழே இழுத்துப் புதுப்பியுங்கள், அல்லது வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்.

சிலிப்பில் உள்ள குறிப்பு இலக்கம் உங்கள் கணக்கு விபரத்திலும் அதே மாதிரி வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். வங்கிக்கு வங்கி அது வேறுபடுகிறது. அதற்குப் பதிலாக நாங்கள் இப்போது ஒரு வழி வைத்திருக்கிறோம். காசு அனுப்பும்போது Remarks என்ற இடத்தில் பில் இலக்கத்தை எழுதச் சொல்கிறோம். பல வங்கிகளில் அது பெறுநரின் கணக்கு விபரத்திலும் தெரிகிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு இன்னும் இலகுவான வழி உண்டு. பில்லை 4,250.00 என்று எழுதாமல் 4,250.17 என்று எழுதிக் கொடுத்தால், அடுத்தவருடைய பில் 4,250.18. கணக்கைப் பார்க்கும்போது யாருடைய காசு எது என்று சதத்தைப் பார்த்தே சொல்லலாம். பழைய சிலிப்பைத் திருத்துகிறவனுக்கும் இது தலையிடி. அவன் வைத்திருக்கும் சிலிப்பின் வால் அந்தச் சதத்தோடு பொருந்தாது.

இனி அந்த "மெசேஜ் பிந்தும்" கதைக்கு வருகிறேன். மச்சானை வீழ்த்தியது படத்தை விட அந்த வார்த்தைதான். இலங்கையில் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குக் காசு போக இரண்டு வழிகள் பொதுவாகப் பாவனையில் உள்ளன. ஒன்று CEFTS. 2015இல் அறிமுகமானது. இதில் அனுப்பினால் சில வினாடிகளில் காசு மற்றக் கணக்கில் இருக்கும். இரவானாலும், ஞாயிற்றுக்கிழமையானாலும், போயா நாளானாலும் அப்படித்தான். இன்று கைத்தொலைபேசி எப்பில் மக்கள் அனுப்புவதில் பெரும்பகுதி இந்த வழியில்தான் போகிறது. ஒரே வங்கிக்குள் இரண்டு கணக்குகளுக்கிடையில் அனுப்பினாலும் பொதுவாக உடனே விழும். மற்றது SLIPS. இதில் பரிமாற்றங்கள் தொகுதி தொகுதியாகச் சேர்க்கப்பட்டு வங்கி வேலை நாட்களில் அனுப்பப்படும். வெள்ளிக்கிழமை பின்னேரம் போட்டால் திங்கட்கிழமைதான் வரலாம். சம்பளம் போன்றவை இந்த வழியில் வருவது வழக்கம்.

அப்படியானால் தாமதம் என்பது முழுப் பொய் அல்ல. உண்மையாகவே பிந்துகின்ற ஒரு வழி இருக்கிறது, ஏமாற்றுகிறவன் அந்த உண்மைக்குள் ஒளிந்துகொள்கிறான். சிலிப்பில் CEFTS என்று இருந்து, பத்து நிமிடமாகியும் உங்கள் கணக்கில் வரியே இல்லை என்றால் அது சாதாரண தாமதம் அல்ல. அபூர்வமாக வலையமைப்புக் கோளாறால் அனுப்பியவரின் கணக்கில் கழிந்து, உங்களுக்கு வராமல் நின்று, பிறகு அவருக்கே திரும்பிப் போவதுண்டு. அதுவும் உங்களுக்குக் காசு வராத கதைதான். சிலிப்பில் Pending அல்லது Scheduled என்ற சொல் எங்காவது சிறிய எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில எப்களில் நாளைக்கு அனுப்பும்படி திகதி குறித்து வைக்கலாம். அப்படிக் குறித்துவைத்ததும் திரையில் பச்சை நிறத்தில் Successful என்று வரும். குறித்துவைத்தது வெற்றி, காசு போகவில்லை. ஸ்கிரீன்ஷொட் எடுத்த பிறகு அதை இரத்துச் செய்துவிடவும் முடியும். இந்தப் படத்தில் திருத்தமே இருக்காது, எந்த நிபுணரிடம் காட்டினாலும் உண்மையான படம் என்றுதான் சொல்வார்.

தாமதத்தின் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடைக்காரரின் வேலை இல்லை. காசு திங்கட்கிழமை வருமானால் சீமெந்தும் திங்கட்கிழமை போகட்டும். மூட்டைகளைத் தனியாக அடுக்கி அவருடைய பெயரை எழுதி வைத்துவிடலாம். நேர்மையானவருக்கு இதனால் வீட்டு வேலை இரண்டு நாள் பிந்தும், அவ்வளவுதான்.

கணக்கைத் திறந்து பார்த்தும் ஏமாறக்கூடிய ஓர் இடம் இருக்கிறது, அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எப்பில் இரண்டு மீதிகள் தெரியும். ஒன்று Current Balance அல்லது Ledger Balance. மற்றது Available Balance. ஒருவர் உங்கள் கணக்கில் காசோலையை வைப்பிலிட்டால் அந்தத் தொகை முதலாவது மீதியில் அன்றே சேர்ந்துவிடலாம். சில வங்கிகள் வைப்பு நடந்ததாக எஸ்.எம்.எஸ்.ஸும் அனுப்பும். ஆனால் அது இன்னும் காசு அல்ல. காசோலையின் படம் அதை வழங்கிய வங்கிக்குப் போய், அங்கே பணம் இருக்கிறதா, கையெழுத்துச் சரியா என்று பார்த்து முடிய அடுத்த வேலை நாளாகிவிடும். உங்கள் கணக்கில் 40,000 ரூபா இருந்தது என்று வையுங்கள். 186,500 ரூபாக் காசோலை ஒன்று வெள்ளிக்கிழமை விழுகிறது. Current Balance 226,500 என்று காட்டும். Available Balance 40,000இலேயே நிற்கும். திங்கட்கிழமை காசோலை திரும்பினால் 226,500 மறைந்து 40,000 மிஞ்சும். "ஒன்லைன்ல போட்டுட்டன்" என்று சொல்லிவிட்டு வெறும் காசோலையைப் போட்டவனுக்கு அதற்குள் இரண்டரை நாள் கிடைத்துவிடும். நம்ப வேண்டிய மீதி Available Balance மட்டுமே.

எஸ்.எம்.எஸ். பற்றி மச்சானுக்கும் எனக்கும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. எஸ்.எம்.எஸ். வந்தால் போதும் என்பது அவர் கட்சி. சிறு தொகைகளுக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆயிரம் ரூபாச் சாமானுக்கு ஒவ்வொரு தடவையும் எப்பைத் திறந்துகொண்டிருந்தால் கடை நடத்த முடியாது. ஆனால் வங்கி அனுப்புவது போலவே சொற்களை எழுதி ஒரு சாதாரண 07 இலக்கத்திலிருந்து யாரும் செய்தி அனுப்பலாம். அவசரத்தில் இருக்கும் கடைக்காரர் செய்தியின் வார்த்தைகளைத்தான் வாசிப்பார், மேலே உள்ள அனுப்புநரைப் பார்க்க மாட்டார். அனுப்புநர் பெயரையும் போலியாக இடும் வழிகள் உள்ளன. அப்படி வந்தால் அது உண்மையான வங்கிச் செய்திகள் இருக்கும் அதே வரிசைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே பெரிய தொகைக்கு எஸ்.எம்.எஸ். ஒரு முன்னறிவிப்பு, கணக்கைத் திறந்து பார்ப்பதுதான் முடிவு. எது பெரிய தொகை என்பதை ஒவ்வொரு கடையும் தீர்மானித்துக்கொள்ளலாம். மச்சான் 5,000 என்று வைத்திருக்கிறார். காசு "விடுவிக்கப்பட" ஒரு லிங்கை அழுத்துங்கள், ஓ.டி.பி. இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று யாரும் கேட்டால் அங்கேயே பேச்சை நிறுத்திவிட வேண்டும். காசு உங்களிடம் வருவதற்கு உங்களிடமிருந்து எந்த ஓ.டி.பி.யும் தேவையில்லை.

QR அட்டை வைத்திருக்கும் கடைகளிலும் இதே நியாயம்தான். வாடிக்கையாளர் தன் போனைத் திருப்பிக் காட்டும் பச்சைச் சரி அடையாளத்தைப் பார்த்துத் தலையசைக்கிறோம். உங்கள் பக்கத்து எப்பில் அல்லது எஸ்.எம்.எஸ்.ஸில் அது வந்ததா என்பதே கேள்வி.

உண்மையில் பல கடைகளில் தடையாக இருப்பது அறிவு அல்ல, போன். கணக்கு முதலாளியின் பெயரில், எப் முதலாளியின் போனில், முதலாளி பள்ளிவாசலிலோ கொழும்பிலோ. கடையில் நிற்பது பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன். அவனால் பார்க்கக்கூடியது வாடிக்கையாளர் நீட்டும் போனை மட்டுமே. ஏமாற்றுகிறவர்கள் ஜும்ஆ நேரத்தையும் கடை அடைக்கும் நேரத்தையும் தெரிவு செய்வதன் காரணம் இதுதான். மச்சான் இதற்கு வங்கியில் கேட்டு இரண்டு வேலை செய்தார். வாடிக்கையாளர்கள் போடும் காசுக்கென்று தனியாக ஒரு கணக்கு திறந்தார். அதில் வரும் காசை ஒவ்வொரு நாளும் இரவில் மற்றக் கணக்குக்கு மாற்றிவிடுவார். அந்தக் கணக்கின் எஸ்.எம்.எஸ். கடையிலேயே இருக்கும் ஒரு சாதாரண போனுக்கு வரும்படி செய்தார். பொடியன் தொகையைப் பார்த்துச் சிறு பில்களை விடுவான். 5,000க்கு மேல் என்றால் மச்சானுக்கு அழைப்பு எடுப்பான். அவர் கணக்கைப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகே சாமான் வாசலைத் தாண்டும். வியாபாரப் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்கள், பார்க்க மட்டும் முடிகிற, காசை அனுப்ப முடியாத ஒரு பாவனையாளரை ஊழியருக்கு எடுத்துத் தர முடியுமா என்று தங்கள் வங்கியில் கேட்டுப் பார்க்கலாம். முதலாளியின் கடவுச்சொல்லை ஊழியரிடம் கொடுப்பதை விட அது எவ்வளவோ மேல்.

நம்மவர்களிடம் இன்னொரு தயக்கமும் இருக்கிறது. சிலிப்பைக் காட்டிய பிறகும் "கொஞ்சம் பொறுங்க, பார்த்துட்டுச் சொல்றன்" என்றால் அந்த மனிதரைக் கள்ளன் என்று சொல்வதாகிவிடுமோ என்ற கூச்சம். நல்லெண்ணம் வைக்க வேண்டும் என்று மச்சானே என்னிடம் சொன்னார். கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்து, சாட்சியும் வைக்கச் சொல்லும் வசனம்தான் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் என்று நான் ஞாபகப்படுத்தினேன். எழுதச் சொன்னது ஒருவரை ஒருவர் சந்தேகிப்பதற்காக அல்லவே. மேலும், எல்லோரையும் ஒரே மாதிரிப் பார்த்தால் அதில் யாருக்கும் அவமானம் இல்லை. தெரியாதவரிடம் மட்டும் பார்ப்பது, தெரிந்தவரிடம் பார்க்காமல் விடுவது என்று வைத்தால்தான் மனவருத்தம் வரும். எங்களை ஏமாற்றியவனும் செவ்வாய்க்கிழமையிலிருந்து "தெரிந்தவன்" ஆகியிருந்தான் என்பதை மறக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தாலும் ஓர் இடத்தில் கடைக்காரரின் கை எட்டாது. சில வேளை காசு உண்மையாகவே கணக்கில் விழும், ஆனால் அது வேறு ஒருவரை ஏமாற்றி அவருடைய கணக்கிலிருந்து அனுப்பப்பட்ட காசாக இருக்கும். பிறகு முறைப்பாடு வந்து உங்கள் கணக்கை வங்கி இடைநிறுத்தி விசாரிக்கலாம். சாமான் கேட்டவர் ஒருவர், காசு வந்த கணக்கின் பெயர் வேறொருவர் என்றால், பெரிய தொகையில் அது ஏன் என்று கேட்டு, சாமானை ஏற்ற வருபவரின் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் பில்லில் குறித்துக்கொள்வது நல்லது. "தவறுதலாகக் கூடப் போட்டுட்டன், மிச்சத்த இந்த வேற கணக்குக்கு அனுப்பிடுங்க" என்று கேட்டால் அனுப்பவே கூடாது. கூடுதலாக வந்ததை வங்கி மூலமாக, வந்த கணக்குக்கே திருப்ப வேண்டும்.

மச்சான் அடுத்த நாள் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்தார். கோபத்தில் அந்த வட்ஸ்அப் உரையாடலை அழிக்கப் போனவரை நான் தடுத்தேன். முறைப்பாட்டில் எழுதிக்கொள்வதற்கு உதவியது அதுதான். இரண்டு படங்களும், அவை வந்த நேரங்களும், செவ்வாய்க்கிழமை உண்மையாக விழுந்த 6,500 எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்ற வங்கி விபரமும். அந்த 6,500 வந்த கணக்குக்கு ஒரு பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கத்தான் வேண்டும். பட்டா லொறிச் சாரதி இரண்டு நாளில் அகப்பட்டார். அவர் வாடகைக்கு வந்தவர். சீமெந்தை ஒரு சந்தியில் இன்னொரு லொறிக்கு மாற்றி ஏற்றியதாகச் சொன்னார். அவரிடம் பேசியதும் அதே தொலைபேசி இலக்கத்திலிருந்துதான். வாடகைக் காசையும் அவருக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட்டாகவே அனுப்பியிருந்தார்கள்.